யூஐ சோதனைகள் கூடக் கூட எங்கள் தொகுப்பின் மேல் நம்பிக்கை குறைவது ஏன்?

நெய்தல் | 4 மார்ச் 2024, காலை 9.12

பேருந்துப் பயணச்சீட்டு முன்பதிவு செய்யும் இணையதளம் ஒன்றின் சோதனைக் குழுவில் இருக்கிறேன். எங்களிடம் உலாவியைத் திறந்து ஓடும் யூஐ சோதனைகள் 310 இருக்கின்றன. நிரலின் ஒரு சிறு பகுதியை மட்டும் தனியாக ஓட்டிப் பார்க்கும் யூனிட் சோதனைகள் 60கூட இருக்காது. ஒரு யூஐ சோதனைக்குச் சராசரியாக 45 விநாடி ஆகிறது. ஒன்றன்பின் ஒன்றாக ஓடினால் ஏறத்தாழ நான்கு மணி நேரம் என்பதால் இரவு 9 மணிக்குத் தொடங்கி விட்டுவிட்டுப் போகிறோம். காலையில் வந்து பார்த்தால் எட்டோ பத்தோ தோற்றுச் சிவப்பாக இருக்கும். அவற்றைக் கையால் மறுபடி ஓட்டினால் பெரும்பாலானவை பச்சையாகிவிடும். இப்போது டெவலப்பர்கள் யாரும் அந்த அறிக்கையைத் திறந்து பார்ப்பதே இல்லை.

பயனர் செய்வதைத்தானே இந்தச் சோதனைகள் அப்படியே செய்கின்றன, அப்படியென்றால் இவை கூடக் கூட நம் உறுதியும் கூடவேண்டும் என்றுதான் இதுவரை நினைத்திருந்தேன். எங்கள் அனுபவம் அதற்கு நேர்மாறாக இருக்கிறது. எந்த இடத்தில் தவறினோம்?

செம்மண் | 4 மார்ச் 2024, காலை 10.40

அடியில் நிறைய யூனிட், உச்சியில் சில யூஐ என்று இருக்கவேண்டிய சோதனைப் பிரமிடைத் தலைகீழாக வைத்திருக்கிறீர்கள். கூகுள் வகுத்த விதி 70 விழுக்காடு யூனிட், 20 விழுக்காடு இடைநிலை, 10 விழுக்காடு யூஐ என்பதாகும். உங்கள் 310இல் 250ஐ நீக்கிவிட்டு, மீதியுள்ளவை தோற்றால் தானாக மூன்று முறை மறுபடி ஓடும்படி அமைத்துவிட்டால் சிக்கல் தீர்ந்துவிடும்.

தாழை | 4 மார்ச் 2024, மதியம் 1.05

எங்கள் நிறுவனத்திலும் பக்கங்கள் மெதுவாகத் திறப்பதால் இதே தொல்லை இருந்தது. படங்களைச் சுருக்கி, சோதனைச் சேவையகத்தின் நினைவகத்தைக் கூட்டினோம், ஓரளவு குறைந்தது. உங்கள் தளம் மெதுவாக இருப்பதற்கான காரணத்தை முதலில் பாருங்கள்.

நெய்தல் | 4 மார்ச் 2024, மதியம் 1.30

தாழை, தளம் மெதுவாக இல்லை. பக்கம் ஒரு விநாடியில் திறந்துவிடுகிறது. சோதனை எழுதப்பட்ட விதத்தால்தான் 45 விநாடி ஆகிறது என்று நினைக்கிறேன்.

வடகரை | 4 மார்ச் 2024, இரவு 8.55

செம்மண் சொன்னதில் பாதி சரி. 70, 20, 10 என்ற கணக்கு கூகுளின் சோதனை வலைப்பதிவில் 2015இல் வந்தது உண்மை. ஆனால் அந்தக் கட்டுரையே அதை ஒரு தொடக்க மதிப்பீடாகத்தான் முன்வைத்தது; குழுவுக்குக் குழு மாறும் என்றும் சொன்னது. மைக் கோன் 2009இல் தம் நூலில் பிரமிடை வரைந்தபோதும் அவர் வலியுறுத்தியது எண்ணிக்கையை அல்ல. யூனிட்டுக்கும் யூஐக்கும் இடையே, திரை இல்லாமல் சேவையை நேரடியாகச் சோதிக்கும் சேவை அடுக்கு ஒன்று இருக்கிறது, அதைக் குழுக்கள் மறந்துவிடுகின்றன என்பதுதான் அவருடைய கவலை. ஆகவே 250ஐ நீக்குவதிலிருந்து தொடங்காதீர்கள். அவற்றில் ஒவ்வொன்றும் எந்தக் கேள்விக்கு விடை தேடுகிறது என்று பார்ப்பதிலிருந்து தொடங்குங்கள்.

நம்பிக்கை குறைவதற்கான காரணத்தை ஒரு சிறு கணக்கால் காட்டலாம். ஒவ்வொரு சோதனையும், நிரலில் எந்தத் தவறும் இல்லாத நாளில், 1000 முறைக்கு 5 முறை வீணாகத் தோற்கிறது என்று வையுங்கள். தனியாகப் பார்த்தால் அது நல்ல சோதனைதான். அப்படிப்பட்ட 300 சோதனைகள் ஒருங்கே பச்சையாக வருவதற்கான வாய்ப்பு 0.995ஐ 300 முறை பெருக்கினால் கிடைக்கும். அது 22 விழுக்காடு. ஐந்து நாளில் ஒரு நாள்தான் முழுப் பச்சை. மற்ற நான்கு நாளும் காரணமில்லாத சிவப்பைப் பார்த்துப் பழகிய டெவலப்பர், காரணமுள்ள சிவப்பு வரும் நாளிலும் அதைக் கடந்து போய்விடுவார். அறிக்கையைத் திறக்காததற்கு அவர்களை நான் குறைசொல்ல மாட்டேன்.

செம்மண் | 5 மார்ச் 2024, காலை 8.20

அதற்குத்தானே மறுஓட்டம் வேண்டும் என்கிறேன். உங்கள் கணக்கையே எடுத்துக்கொள்வோம். ஒரு முறை மறுபடி ஓட்டினாலே இரண்டு முறையும் வீணாகத் தோற்கும் வாய்ப்பு பத்து லட்சத்துக்கு 25 ஆகிறது. அப்போது 300 சோதனைகளும் பச்சையாக வரும் வாய்ப்பு 99 விழுக்காட்டுக்கு மேல் போய்விடும்.

வடகரை | 5 மார்ச் 2024, காலை 9.48

கணக்கு சரி, விலையையும் சேர்த்துப் பாருங்கள். ஒரே இருக்கையை இரண்டு பேர் ஒரே நொடியில் எடுக்கும்போது பத்துக்கு ஒருமுறை தவறு செய்யும் நிரல் உங்களிடம் இருக்கிறது என்று கொள்வோம். மறுஓட்டம் இல்லாதபோது பத்து நாளில் ஒரு நாள் அது சிவப்பாகத் தெரியும். ஒருமுறை மறுபடி ஓட்டினால் நூறு நாளில் ஒரு நாள்தான் தெரியும். மூன்று முறை மறுபடி ஓட்டினால் பத்தாயிரத்தில் ஒன்று. முன்பதிவுத் தளத்தில் பயனருக்குப் பெரிய இழப்பைத் தரும் தவறுகளில் பல இந்த வகையைச் சேர்ந்தவை. மறுஓட்டம் முதலில் மறைப்பதும் அவற்றைத்தான்.

வடகரை | 5 மார்ச் 2024, காலை 10.15

நேற்று நான் எழுதிய 22 விழுக்காட்டைத் திருத்த வேண்டும். அந்தக் கணக்கு, ஒரு சோதனையின் தோல்விக்கும் இன்னொன்றின் தோல்விக்கும் தொடர்பில்லை என்று வைத்துக்கொள்கிறது. நடைமுறையில் சேவையகம் திணறும் இரவில் இருபது சோதனைகள் சேர்ந்து விழும், மற்ற இரவுகளில் ஒன்றும் விழாது. ஆகவே முழுப் பச்சையான நாட்கள் நான் சொன்னதைவிடக் கூடுதலாகவே இருக்கும். எண்ணிக்கை கூடக் கூடப் பச்சை குறையும் என்ற போக்கு மாறாது.

கல்லணை | 5 மார்ச் 2024, மாலை 6.30

நான் முன்முகப்பு டெவலப்பர். பிரமிடு பற்றிய பேச்சில் எப்போதும் ஒரு குறை காண்கிறேன். எங்கள் கட்டண விதிகள் அனைத்தும் தரவுத்தளத்தின் உள்ளே, பத்தாண்டுகளுக்கு முன் எழுதிய ஸ்டோர்டு ப்ரொசீஜர்களில் இருக்கின்றன. அங்கே யூனிட் சோதனை எழுதுங்கள் என்று சொல்வது எளிது, எழுதுவதற்குப் பிடிமானமே கிடைக்காது. யூஐ சோதனைகள் அங்கே பெருகியதற்குக் காரணம் சோம்பல் அல்ல. வேறு வழி இல்லாததுதான்.

வடகரை | 5 மார்ச் 2024, இரவு 9.20

கல்லணை சொல்வதை ஏற்கிறேன். உங்கள் இடத்தில் நான் இருந்தால் யூனிட் என்ற சொல்லையே பிடித்துக்கொண்டிருக்க மாட்டேன். தெரிந்த தரவுகளோடு ஒரு சிறு தரவுத்தளத்தை எழுப்பி, ப்ரொசீஜரை நேரடியாக அழைத்து, விடையைச் சரிபார்ப்பேன். யூனிட் சோதனையைவிட அது மெதுவாக ஓடும். உலாவிக்கு அங்கே வேலை இல்லை என்பதால் யூஐ சோதனையைவிடப் பலமடங்கு விரைவாக ஓடும்.

நெய்தல், உங்களிடம் ஒரு வேண்டுகோள். 310இல் ஒரு பகுதியை மட்டும் எடுத்து, 45 விநாடியும் எங்கே போகிறது என்று பிரித்து எழுதுங்கள்.

நெய்தல் | 8 மார்ச் 2024, மாலை 7.45

பயணச்சீட்டை ரத்து செய்தால் பணம் திரும்பக் கிடைக்கும் பகுதியை எடுத்துக்கொண்டேன். அதற்கு 48 சோதனைகள் இருக்கின்றன. பேருந்து வகை நான்கு, புறப்பாட்டுக்கு முன் உள்ள நேர அடுக்கு நான்கு, கட்டண முறை மூன்று என்று பெருக்கி எழுதியிருக்கிறார்கள். ஒவ்வொன்றும் 50 விநாடி, ஆக 40 நிமிடம்.

உள்நுழைவு, தேடல், இருக்கைத் தேர்வு, போலிக் கட்டணம், பின்னர் என் பயணங்கள் பக்கம் என்று ரத்துப் பொத்தானை அடைவதற்கே 42 விநாடி போகிறது. மீதி 8 விநாடியில்தான் நாங்கள் உண்மையில் சரிபார்க்க விரும்பியது நடக்கிறது. அதாவது ஒரே உள்நுழைவை 48 முறையும் ஒரே இருக்கைத் தேர்வை 48 முறையும் சோதித்துக்கொண்டிருக்கிறோம். இருக்கை வரைபடத்தின் நிரலில் சிறு மாற்றம் வந்தால், பணம் திரும்பும் விதியோடு எந்தத் தொடர்பும் இல்லாமல் 48ம் சிவப்பாகின்றன.

அந்த 42 விநாடியிலும் கணிசமான பகுதி வெறும் காத்திருப்பு. இப்படிப்பட்ட வரிகள் ஒரு சோதனைக்கு மூன்று இருக்கின்றன:

```python
time.sleep(5)
```

வடகரை | 8 மார்ச் 2024, இரவு 8.30

அந்த வரியை முதலில் மாற்றுங்கள். பொத்தான் அரை விநாடியில் வந்தாலும் 5 விநாடி வீணாகும். 6 விநாடி எடுத்தால் சோதனை வீணாகத் தோற்கும். எது நடந்தால் மேலே போகலாமோ, அதற்காக மட்டும் காத்திருக்கச் சொல்லுங்கள்:

```python
WebDriverWait(driver, 10).until(
    EC.element_to_be_clickable((By.ID, "cancel-btn"))
)
```

பொத்தான் வந்த மறுகணமே இது நகர்ந்துவிடும். 10 விநாடி என்பது மேல் வரம்பு மட்டுமே. உலாவியை இயக்கும் செலினியத்தில், எல்லாத் தேடலுக்கும் பொதுவான implicit wait வைத்திருந்தால் அதை எடுத்துவிடுங்கள். இரண்டையும் கலந்தால் காத்திருப்பு நேரம் கணிக்க முடியாதபடி நீளும் என்று செலினியம் ஆவணமே எச்சரிக்கிறது.

இதனால் வேகம் கூடும். ஆனால் 48 முறை உள்நுழையும் அமைப்பு அப்படியேதான் இருக்கும்.

தாழை | 9 மார்ச் 2024, காலை 7.10

முதலில் கேள்வியைத் தவறாகப் புரிந்துகொண்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இப்போது என் நிலையைச் சொல்கிறேன். எட்டு ஆண்டுகள் கையால் சோதித்தவள் நான். கடந்த ஆறு மாதமாக இரவில் உட்கார்ந்து செலினியம் கற்றுக்கொண்டேன். யூஐ சோதனைகளைக் குறைத்து டெவலப்பர்கள் யூனிட் சோதனை எழுதட்டும் என்றால், என்னைப் போன்றவர்கள் எதைச் செய்வது?

நெய்தல் | 9 மார்ச் 2024, காலை 11.00

தாழை, இந்தக் கேள்வி எனக்கும் இருந்தது. இந்த வாரம் நடந்ததைச் சொல்கிறேன்.

அந்த 48இல் ஒரு சோதனை, ஜனவரி கடைசி வரை ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்து, பிறகு இரவு ஓட்டத்தில் மட்டும் தோற்கத் தொடங்கியது. காலையில் கையால் ஓட்டினால் பச்சை. எல்லோரும் அதை நிலையற்ற சோதனை என்று ஒதுக்கிவிட்டோம். நேற்று அதன் நிரலைப் படித்தேன். நாளை இரவு 10 மணிப் பேருந்தில் முன்பதிவு செய்து உடனே ரத்து செய்கிறது. 24 முதல் 48 மணி நேர அடுக்கில் 50 விழுக்காடு திரும்ப வரவேண்டும் என்று எதிர்பார்க்கிறது. இரவு 9.30க்கு ஓடினால் புறப்பாட்டுக்கு இன்னும் 24.5 மணி நேரம் இருக்கிறது, பச்சை. காலை 10 மணிக்கு ஓடினால் 36 மணி நேரம், அதுவும் பச்சை. இரவு 10.15க்கு ஓடினால் 23 மணி 45 நிமிடம்; விதிப்படி ஒன்றும் திரும்ப வராது, அதனால் சிவப்பு.

ஜனவரியில் இதற்கு முன்னால் ஓடும்படி சில புதிய சோதனைகளைச் சேர்த்தோம். அவை எடுத்துக்கொண்ட நேரத்தால் இதன் முறை 10 மணியைத் தாண்டிப் போய்விட்டது. நாங்கள் ஐந்து வாரமாக மறுபடி ஓட்டி ஓட்டித் தள்ளிப்போட்ட அந்தச் சோதனை ஒருநாளும் தற்செயலாகத் தோற்கவில்லை.

இதைக் கண்டுபிடிக்க விதியும் தெரிந்திருக்க வேண்டியிருந்தது, நிரலையும் படிக்க வேண்டியிருந்தது. உங்கள் எட்டு ஆண்டுகள் வீணாகும் என்று எனக்குத் தோன்றவில்லை.

செம்மண் | 9 மார்ச் 2024, மதியம் 12.25

மூன்று முறை மறுபடி ஓட்டியிருந்தாலும் 10.16, 10.17, 10.18 என்று எல்லாமே தோற்றிருக்கும். மறுஓட்டம் பற்றி நான் சொன்னது இந்த வகைத் தோல்விக்கு உதவாது என்று ஒப்புக்கொள்கிறேன். பிணையத் தடங்கலுக்கு அது உதவும் என்ற கருத்தில் மாற்றமில்லை.

வடகரை | 9 மார்ச் 2024, இரவு 9.05

பிணையத் தடங்கலுக்கு ஒருமுறை மறுஓட்டம் வைக்கலாம். ஆனால் இரண்டாம் முறையில் தேறியவற்றைப் பச்சையில் சேர்க்காமல் தனியாகப் பட்டியலிட வேண்டும். அந்தப் பட்டியலை ஒருவர் வாரந்தோறும் படிக்கவும் வேண்டும்.

நெய்தல் கண்டது முதன்மையானது. உலாவி வழியாக நீங்கள் நேரத்தைக் கட்டுப்படுத்த முடியாது. எந்தப் பேருந்து எப்போது புறப்படுகிறதோ அதற்கு ஏற்பத்தான் சோதனை எழுத முடியும். ஆகவே சரியாக 24 மணி நேரம் இருக்கும்போது என்ன நடக்கும் என்ற கேள்வியை உங்கள் 48 சோதனைகளில் ஒன்றுகூட நம்பகமாகக் கேட்க முடியாது. இவ்வகை விதிகளில் பிழை ஒளிந்திருப்பது பெரும்பாலும் அந்த எல்லைக்கோட்டில்தான். விதி எழுதப்பட்ட செயற்கூறு இப்போதைய நேரத்தைத் தானே எடுத்துக்கொள்கிறதா, வெளியிலிருந்து வாங்குகிறதா என்று பாருங்கள்.

நெய்தல் | 20 மார்ச் 2024, மாலை 6.15

அது தன் உள்ளேயே `datetime.now()` என்று அழைத்துக்கொண்டிருந்தது. ஒரு டெவலப்பருடன் உட்கார்ந்து, நேரத்தை வெளியிலிருந்து கொடுக்கும்படி மாற்றினோம். மாற்றம் அரைநாளில் முடிந்துவிட்டது, அதற்கு ஒப்புதல் வாங்க ஒரு வாரம் ஆனது. பிறகு இதை எழுதினோம்:

```python
@pytest.mark.parametrize("hours, percent", [
    (48, 90), (47.9, 50), (24, 50), (23.9, 0),
])
def test_refund_percent(hours, percent):
    departure = datetime(2024, 3, 30, 22, 0)
    now = departure - timedelta(hours=hours)
    assert refund_percent("AC", departure, now) == percent
```

மூன்றாவது நிலை உடனே சிவப்பானது. 24 மணி நேரமோ அதற்கு மேலோ இருந்தால் பாதிப் பணம் என்று எங்கள் விதிப் பக்கத்தில் எழுதியிருக்கிறோம். நிரலில் `>=` இருக்க வேண்டிய இடத்தில் `>` இருந்தது. 48 சோதனைகள் நாள்தோறும் 40 நிமிடம் ஓடியும் இதைப் பிடிக்கவில்லை.

இன்னொன்றும் தெரிந்தது. கட்டண முறை எதுவாக இருந்தாலும் விழுக்காடு மாறுவதில்லை. பணம் எந்தக் கணக்குக்குப் போகிறது என்பது மட்டுமே மாறுகிறது. பேருந்து வகை நான்குக்கும் எல்லைக்கோடுகளைச் சேர்த்து இப்போது 28 யூனிட் சோதனைகள் இருக்கின்றன. அனைத்தும் ஒரு விநாடிக்குள் முடிகின்றன. பணம் சரியான கணக்குக்குப் போகிறதா என்பதற்கு, உலாவி இல்லாமல் சேவையகத்தை நேரடியாக அழைக்கும் ஏபிஐ வழியாக மூன்று. யூஐ சோதனைகளில் மூன்றை மட்டும் வைத்துக்கொண்டோம். மீதி 45ஐ நீக்கிய அன்று எனக்குக் கை நடுங்கியது.

கல்லணை | 20 மார்ச் 2024, இரவு 10.02

கை நடுங்கியதற்குக் காரணம் இருக்கிறது. அந்த 45உம் சேர்ந்து வேறு எதையோ அறியாமல் காத்துக்கொண்டிருந்திருக்கலாம். சில வாரம் கழித்து வந்து எழுதுங்கள்.

நெய்தல் | 22 ஏப்ரல் 2024, இரவு 8.40

கல்லணை எழுதச் சொன்னபடி எழுதுகிறேன். கடந்த வாரம் ஒரு பிழை எல்லாச் சோதனைகளையும் தாண்டி, வெளியீட்டுக்கு முந்தைய நாள் வரை வந்துவிட்டது.

சேவையகம் திரும்பத் தரவேண்டிய தொகையைப் பைசாவில் அனுப்பிக்கொண்டிருந்தது. திரை அதை 100ஆல் வகுத்துக் காட்டியது. ஒரு டெவலப்பர் சேவையகத்தை ரூபாயில் அனுப்பும்படி மாற்றினார். அந்தப் பக்கத்து யூனிட் சோதனைகளையும் முறையாக மாற்றினார், பச்சை. திரையின் பக்கத்து யூனிட் சோதனைகள் பழைய பைசாத் தரவைப் போலியாகக் கொடுத்து ஓடின, அவையும் பச்சை. நாங்கள் வைத்திருந்த மூன்று யூஐ சோதனைகள் ரத்து ஆனது என்ற செய்தி தோன்றுகிறதா என்று மட்டும் பார்த்தன, தொகையைப் பார்க்கவில்லை. 450 ரூபாய் வரவேண்டிய இடத்தில் 4.50 என்று திரையில் இருந்ததை, கையால் சோதிக்கும் எங்கள் சக ஊழியர்தான் கண்டார்.

நீக்கிய 45இல் சில தொகையைப் பார்த்தவை. அவை இருந்திருந்தால் இது அன்றிரவே சிவப்பாகியிருக்கும்.

கல்லணை | 22 ஏப்ரல் 2024, இரவு 9.15

நான் அஞ்சியது இதைத்தான். இரண்டு பக்கமும் தனித்தனியே சரியாக இருந்து, சேரும் இடத்தில் தவறுவதைத் திரை வரை போகும் சோதனைதான் பிடிக்கும். மூன்றில் ஒன்றிலாவது தொகையைச் சரிபாருங்கள்.

வடகரை | 23 ஏப்ரல் 2024, காலை 7.50

இந்த வழியில் உங்களை நடத்தியவர்களில் நானும் ஒருவன் என்பதால் பொறுப்பும் எனக்கு உண்டு. ஒரு சோதனையை நீக்கும் முன் அது இறுதியில் எதைச் சரிபார்க்கிறது என்று ஒவ்வொரு வரியாகப் படித்து, அந்தச் சரிபார்ப்பு வேறு எங்கே வாழப்போகிறது என்று குறித்திருக்க வேண்டும். அதை நான் அழுத்திச் சொல்லவில்லை.

ஆனாலும் இதற்கு உரிய இடம் நடு அடுக்கு என்றே நினைக்கிறேன். சேவையகம் அனுப்பும் விடையின் மாதிரி ஒன்றை ஒரே கோப்பில் வையுங்கள். சேவையகத்தின் சோதனை, தான் உண்மையில் அனுப்புவது அந்தக் கோப்போடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கட்டும். திரையின் சோதனை அதே கோப்பைத் தன் போலித் தரவாக எடுத்துக்கொள்ளட்டும். ரூபாய்க்கு மாற்றியவர் கோப்பையும் மாற்றியே ஆகவேண்டும், மாற்றிய கணமே திரையின் சோதனை சிவப்பாகும். அதற்கு உலாவி தேவையில்லை.

கல்லணை | 23 ஏப்ரல் 2024, காலை 9.30

அந்தக் கோப்பில் 450 என்ற எண் மட்டும் இருந்து, அது பைசாவா ரூபாயா என்பது எங்கும் இல்லையென்றால்? திரையின் சோதனையை எழுதுபவர் 4.50 வரவேண்டும் என்று எழுதிவிட்டால் மறுபடி இரண்டும் பச்சைதான்.

தாழை | 23 ஏப்ரல் 2024, மதியம் 12.10

புலத்தின் பெயரையே `refund_amount_paise` என்று வைத்திருந்தால் இந்தக் குழப்பம் வந்திருக்குமா? நான் கையால் சோதிக்கும்போது எப்போதும் முதலில் பார்ப்பது அலகைத்தான்.

வடகரை | 23 ஏப்ரல் 2024, இரவு 8.15

தாழை சொல்வது நல்ல வழி. அலகைப் பெயரில் வைத்தால், அலகை மாற்றுபவர் பெயரையும் மாற்றுவார். பழைய பெயரைத் தேடும் திரை அங்கேயே தடுக்கி விழும். கல்லணையின் ஐயத்துக்கு இது பாதி விடை. பெயரை மாற்றாமல் மதிப்பை மட்டும் மாற்றுபவரை இதுவும் தடுக்காது.

நெய்தல் | 29 ஏப்ரல் 2024, மாலை 7.00

இரண்டையும் செய்திருக்கிறோம். புலத்துக்குப் பைசா என்று பெயரில் சேர்த்து, மாதிரி விடைக் கோப்பையும் பொதுவாக்கிவிட்டோம். கல்லணை சொன்னபடி ஒரு யூஐ சோதனையில் மட்டும் 450 ரூபாய் என்று திரையில் தெரிகிறதா என்றும் பார்க்கிறோம். அந்தச் சரிபார்ப்பால் அரை விநாடிகூடக் கூடவில்லை.

காத்திருப்பு வரிகளை மாற்றியது, பணம் திரும்பும் பகுதியைக் குறைத்தது ஆகிய இரண்டால் மட்டும் இரவு ஓட்டம் இரண்டரை மணி நேரத்துக்கு வந்திருக்கிறது. காலைச் சிவப்பு இரண்டு அல்லது மூன்று. அடுத்தது இருக்கைத் தேர்வுப் பகுதி. அதற்கு 70 யூஐ சோதனைகள் இருக்கின்றன. அங்கே விதிகளில் பாதி உலாவியில் ஓடும் நிரலிலேயே இருக்கின்றன, இழுத்தல், தொடுதல், திரை அளவு எல்லாம் கலந்திருக்கின்றன. அவற்றில் எதைக் கீழே இறக்கலாம், எதை உலாவியிலேயே விடவேண்டும் என்பதில் எங்கள் குழுவுக்குள் இன்னும் உடன்பாடு இல்லை. கல்லணை, உங்கள் வேலை இதற்கு நெருக்கமானது என்பதால் கேட்கிறேன்: பெண்களுக்கு ஒதுக்கிய இருக்கையை வேறு நிறத்தில் காட்டும் விதியை நீங்கள் எந்த அடுக்கில் சோதிப்பீர்கள்?

கல்லணை | 29 ஏப்ரல் 2024, இரவு 9.40

எந்த இருக்கை ஒதுக்கப்பட்டது என்று முடிவுசெய்யும் பகுதியை யூனிட்டில் சோதிப்பேன். நிறம் திரையில் உண்மையிலேயே மாறுகிறதா என்பதை உலாவியில் ஒரே ஒருமுறை பார்ப்பேன். ஆனால் பக்கத்து இருக்கையில் ஏற்கெனவே யார் முன்பதிவு செய்திருக்கிறார் என்பதைப் பொறுத்து இது மாறுகிறது என்றால், அந்தத் தகவல் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் விடை சொல்ல மாட்டேன். அந்த நிரல்பகுதி எப்படி அமைந்திருக்கிறது என்று எழுதுங்கள், பார்ப்போம்.